கிழக்குப் பாதி

கொழுந்தன் வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தால், எதையோ பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று அர்த்தம். சும்மா வருகிற நாளில் செருப்பும் கழற்ற மாட்டான், சாப்பாட்டையும் விசாரிக்க மாட்டான். அன்றைக்கு இரண்டையும் செய்தான். போதாததற்கு அண்ணியின் மகளைப் பார்த்து, "நர்ஸிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சாமே, பணம் எப்போம்மா கட்டணும்?" என்று வேறு கேட்டான்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள சித்தப்பா" என்றாள் மகள்.

"பாவம், குழந்தைக்கு எவ்வளவு கவலை" என்று அவன் தலையை ஆட்டினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அடுப்படியில் நின்றிருந்த அண்ணி அப்போதே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரே தென்னந்தோப்பு. மரமெல்லாம் அவர்களுடைய அப்பா காலத்தவை. ஏணிக்கு எட்டாத உயரம், ஒவ்வொரு வெட்டுக்கும் காய் குறைந்துகொண்டே வந்தது. மொத்தத்தையும் ஒரேயடியாக வெட்டிப் புதிதாக வைத்தால், அடுத்த ஆறேழு வருஷம் இரண்டு குடும்பமும் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் அண்ணன், அதாவது இவளுடைய புருஷன், ஒரு வழி சொன்னான். கிழக்குப் பாதியை மட்டும் இப்போது வெட்டிக் கன்று வைப்போம். மேற்குப் பாதியில் வருகிற காயை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வோம். கிழக்கு காய்க்க ஆரம்பித்ததும் மேற்கை வெட்டுவோம், அப்போது கிழக்குக் காயைப் பங்கிடுவோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் உயிரோடு இருந்தவரை நடக்கவும் நடந்தது.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பார்கள். அந்த மனுஷன் தின்னவில்லை. கன்று வைத்த மூன்றாம் வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு மேற்குக் காய் முழுக்கக் கொழுந்தன் கைக்குப் போனது, அவன் கிள்ளிக் கொடுத்ததுதான் பங்கு. கிழக்குப் பாதி அவள் தலையில் விழுந்தது. கிணறு தோப்பின் நடுவில் இருந்தது. அங்கிருந்து கிழக்கே குழாய் போட முதலாளிக்கு மனசு வரவில்லை. முதலாளி என்றால் கொழுந்தன்தான், தேங்காய் மண்டி வைத்திருந்தான். "காய்க்காத மரத்துக்கு எதுக்கு அண்ணி குழாய்?" என்று கேட்டான். அவள் வாளியில் தண்ணீர் சுமந்தாள். கோடையில் கன்றுக்குக் கீற்று வைத்து நிழல் கட்டினாள். பட்ட கன்றைப் பிடுங்கி வேறு வைத்தாள். குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டைக் கம்பி விட்டுக் குத்தி வெளியே இழுத்தாள். இடையில் வாழையும் பயறும் போட்டு அதிலே கொஞ்சம் சில்லறை பார்த்தாள். மண்டிக்குள் அவளுக்கு 'வாளி' என்றே பேர் வைத்திருந்தான் கொழுந்தன். "வாளி வந்துட்டுப் போச்சா?" என்று கணக்குப்பிள்ளையிடம் அவன் கேட்டது அவள் காதிலேயே விழுந்திருக்கிறது. அவள் அதை மறக்கவில்லை. மறக்கிற ஜாதியும் இல்லை அவள்.

சரி, அன்றைக்கு வருவோம். மகள் எழுந்து உள்ளே போனதும் கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

"தோப்பைப் பிரிச்சுக்கலாம் அண்ணி. எத்தனை நாளைக்குப் பொதுவா வச்சு இழுத்துக்கிட்டு இருக்கறது? நாளைக்கு நம்ம பிள்ளைங்க அடிச்சுக்கக் கூடாது பாருங்க."

"பிரிக்கலாம். எப்படிப் பிரிக்கறது?"

"நான் கோடு போடறேன். எந்தப் பாதி வேணும்னு நீங்க எடுத்துக்கங்க. போடறவன் ஒருத்தன், எடுக்கறவங்க வேற ஒருத்தர். இதைவிட நியாயம் உலகத்துல உண்டா?"

உண்டா என்று அவன் கேட்டபோது அவன் கண் மகள் போன கதவுப் பக்கம் ஒரு தடவை போய் வந்தது. அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடுவில் நெடுக ஒரு கோடு போடுவான். மேற்கே காய்க்கிற கிழட்டு மரம், கிழக்கே காய்க்காத இளம் மரம். மகளுக்கு மாசக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். கையில் காசு வேண்டுமென்றால் மேற்கைத்தான் எடுத்தாக வேண்டும், இந்த வாரமே ஒரு வெட்டுக் காய் இறக்கலாம். பெற்ற தாய் வேறு எதை எடுப்பாள்? இவள் சுமந்த தண்ணீரில் வளர்ந்த கிழக்கு அப்படியே அவன் மடியில் போய் விழும். அறுபது வருஷம் அவனும் அவன் பிள்ளைகளும் உட்கார்ந்து தின்பார்கள். இவளோ நாலைந்து வருஷத்தில் கிழட்டு மரத்தை வெட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாளியைத் தூக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள்.

"யோசிங்க. திங்கக்கிழமை தோப்பை ஒரு சுத்து பார்த்துட்டு, செவ்வாய் வக்கீல் ரூமுக்குப் போயிடலாம்."

அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கிழக்கில் கொஞ்சம் மரங்கள் பாளை தள்ளத் தொடங்கியிருந்தன. மட்டையின் கக்கத்தில், பூவை உள்ளே வைத்து வாள் உறைபோல மூடிய பச்சைப் பாளை எட்டிப் பார்த்தது. அந்த வகை நெட்டை மரம் இன்னும் ஒரு வருஷமாவது இழுக்கும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். முந்திக்கொண்டுவிட்டன. போட்ட எருவும் ஊற்றின தண்ணீரும் வீண்போகவில்லை. மண்டிக்காரனுக்குக் காய் தெரியும், மரம் தெரியாது. ஆனால் குருடன் இல்லையே. திங்கக்கிழமை வந்து பாளையைப் பார்த்தால் இந்தக் கோட்டைப் போடவே மாட்டான். காய்க்கிற இளம் மரத்தை விட்டுவிட்டு எவள் கிழட்டு மரத்தை எடுப்பாள் என்று அவனுக்கும் கணக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிழக்கே போனாள். மரங்கள் இன்னும் குட்டைதான், சில பாளைகள் நின்றபடியே கைக்கு எட்டின, சிலவற்றுக்கு முக்காலி போட வேண்டியிருந்தது. முதல் பாளையில் அரிவாளை வைத்தாள். ஒரு மாதம் போனால் அடுத்த மட்டையின் கக்கத்தில் அடுத்த பாளை வரும், மரத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இத்தனை வருஷம் காத்திருந்து வந்த முதல் பாளையைத் தன் கையாலேயே அறுக்க வைத்தானே பாவி என்று மரத்துக்கு மரம் திட்டிக்கொண்டே அறுத்தாள். வெட்டின இடத்திலிருந்து கசிவு வந்தால் அந்த வாடைக்கு, மரத்தை உள்ளே குடைந்து சாகடிக்கிற செங்கூன் வண்டு வந்து முட்டையிடும். அதனால் களிமண்ணில் வேப்பெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒவ்வொரு வெட்டிலும் அப்பினாள். அறுத்த பாளைகளைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

முக்காலியைப் பிடிக்க மகள் கூட வந்திருந்தாள்.

"ஏம்மா வெட்டறே? பூ விடப்போகுதுன்னு நீதானே சொன்னே?"

"நோவு விழுந்த பாளை. விட்டா மரம் கெட்டுடும்."

மகள் நம்பினாள். தாய் சொன்னால் நம்புகிற வயசைத் தாண்டியிருந்தாலும், தென்னை விஷயத்தில் அவள் தாய் சொன்னதுதான் வேதம். கொஞ்ச நேரம் பொறுத்து, "நாம மேற்கைத்தானே எடுக்கறோம்?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்."

"என்ன பார்க்கலாம்? மாசக் கடைசி தாண்டினா என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்கம்மா."

"முக்காலியை ஆடாமப் பிடி" என்றாள் அவள்.

திங்கக்கிழமை கொழுந்தன் வெள்ளைச் சட்டையில் வந்தான். மேற்கே ஒரு நடை நடந்தான், அண்ணாந்து குலைகளை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தான். பிறகு கிழக்கே வந்தான். ஒரு இளம் மரத்தடியில் நின்று, களிமண் அப்பியிருந்த இடத்தை விரலால் தொட்டான். அவள் சட்டென்று பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ன அண்ணி இது, மண்ணு?"

"வண்டு துளைச்சிருந்தது. அடைச்சேன்."

"பாளை ஒண்ணும் வரலை போல?"

"நெட்டை மரம் தம்பி. அதுக்கென்ன அவசரம். ரெண்டு வருஷம் ஆகலாம், மூணும் ஆகலாம்."

அவன் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினான், சந்தையில் மாட்டைத் தட்டுகிற மாதிரி. "நல்லா பாத்துக்கறீங்க அண்ணி. உங்களை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது" என்றான். தன் மரத்தைத் தனக்காகப் பார்த்துக்கொள்கிறாள் என்கிற திருப்தி அந்தக் குரலில் வழிந்தது. அவளுக்கு அரிவாள் ஞாபகம் வந்தது.

"தம்பி, எனக்கு வேற யார் இருக்கா? இந்தப் பொண்ணு படிச்சுக் கரையேறினா போதும்" என்றாள், குரலை வேண்டுமென்றே தாழ்த்தி. "மரம் கிடக்கட்டும். எனக்குப் பிள்ளை படிப்புதான் முக்கியம்."

பின்னால் வந்துகொண்டிருந்த மகள் அதைக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்ததை இவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வக்கீலின் அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மேசை முழுக்கக் கட்டுகள், மூலையில் ஓடாத ஒரு மின்விசிறி, உட்கார மூன்றே நாற்காலி. மகள் கதவோரம் நின்றாள். கொழுந்தன் வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்கே, தோப்பின் நீளத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தான். கிணறு கோட்டின் மேலேயே விழுந்தது, அது இருவருக்கும் பொது என்று எழுதியிருந்தது.

"இதுல ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே? அப்புறம் யாரும் மாத்திப் பேசக் கூடாது" என்றார் வக்கீல்.

"கோடு போட்டது நானே. நான் எப்படி மாத்துவேன்?" என்று கொழுந்தன் சிரித்தான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. மேற்கா, கிழக்கா?"

"கிழக்கு" என்றாள்.

கொழுந்தனின் சிரிப்பு பாதியில் நின்றுபோய், மூடவும் தெரியாமல் வாய் திறந்தே இருந்தது. மகள் கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அம்மா, மாத்திச் சொல்லிட்டே. மேற்கு."

"கிழக்குதான்."

"அண்ணி, நிதானமா யோசிங்க" என்றான் கொழுந்தன். அவன் குரலில் முதல்முறையாக அவசரம் தெரிந்தது. "ரெண்டு மூணு வருஷம் ஒரு காய் பார்க்க மாட்டீங்க. நீங்களே சொன்னீங்க. பொண்ணுக்குப் பணம் எப்படிக் கட்டுவீங்க?"

"அது என் கவலை தம்பி. கோடு உங்களுது, எடுக்கறது என்னுது. நியாயம்னு நீங்கதானே சொன்னீங்க."

வக்கீலுக்கு வேலை முடிந்தால் சரி. காகிதத்தைத் திருப்பி வைத்து, எங்கே கையெழுத்து என்று காட்டினார். "சரியாத்தான் எடுத்திருக்கீங்க. பெத்த பிள்ளை கைவிட்டாலும் வச்ச தென்னை கைவிடாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று பொதுவாக ஒரு வார்த்தையும் போட்டார். பெற்ற பிள்ளை அங்கேயே நிற்கிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தனும் போட்டான், பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.

நுணலும் தன் வாயால் கெடும். பேசாமல் படி இறங்கிப் போயிருந்தால் இந்தக் கதை அவளுக்கு வெற்றியாகவே முடிந்திருக்கும். ஆனால் வாளி, வாளி என்று கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஊறிக்கிடந்தது சும்மா விடுமா? மாடிப்படியின் கீழே, மருந்துக் கடை வாசலில், மகளும் கூட நிற்க, கொழுந்தன் "பட்டினி கிடந்து அந்த மரத்தையே தின்னுங்க" என்று சொன்னதும் அவள் திரும்பினாள்.

"பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நீங்க தொட்டுப் பார்த்தீங்களே, அந்த மண்ணுக்கு அடியில இருந்தது வண்டு ஓட்டை இல்லை. பாளை வெட்டின இடம். கிழக்கு பாளை தள்ளிடுச்சு தம்பி. அடுத்த மாசமும் தள்ளும். நான் செத்தாலும் தள்ளும்."

அவன் சுவரில் கை வைத்துக்கொண்டான். அவள் எதிர்பார்த்தது அடியையோ வசவையோ. இரண்டும் வரவில்லை. மண்டியில் கணக்குப் போட்டே பழகின மனுஷன், அந்த நிலையிலும் கணக்குத்தான் போட்டான்.

"பாளையை விட்டு வச்சிருந்தீங்கன்னா நான் குறுக்கேதான் கோடு போட்டிருப்பேன்" என்றான் மெதுவாக. "வேற வழி இல்லை எனக்கு. நெடுக போட்டா நீங்க கிழக்கைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. குறுக்கே போட்டிருந்தா உங்களுக்கும் கொஞ்சம் பழசு, கொஞ்சம் புதுசு. எனக்கும் அப்படியே. இந்த மாசமே காய் வெட்டிப் பொண்ணுக்குப் பணம் கட்டியிருக்கலாம், உங்க மரமும் பாதி உங்ககிட்டயே இருந்திருக்கும்."

"பாதிதானே" என்றாள் அவள். "நான் முழுசுக்கும் தண்ணி ஊத்தினேன்."

அவன் தெருவைக் கடந்து போனான். போகிறவன் முதுகைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஆசைப்பட்டிருந்தாள். சிரிப்பு வரவில்லை, ஆனால் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு முதலில் போனவள் மகள்தான். பூட்டைத் திறந்தாள், விளக்கைப் போட்டாள், சான்றிதழ்களைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துத் தாய்க்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தப்பா சொன்னது நிஜமா?"

"எது?"

"பாளையை விட்டிருந்தா ரெண்டும் கிடைச்சிருக்கும்னு."

"அவன் சொல்றதை நம்பறியா? நம்மளைத் தெருவுல நிறுத்தத்தானே கோடு போட்டான்?"

"நிஜமான்னு கேட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமாத்தான் இருக்கும். அதனால என்ன? பாதி மரத்தை அவனுக்கு எதுக்குக் கொடுக்கணும்? ஒரு வாளி தண்ணி ஊத்தினானா அவன்? உனக்காகத்தான்டி இதெல்லாம். அறுபது வருஷம் காய்க்கும். உன் பிள்ளைங்க தின்னும்."

"எனக்கு அறுபது வருஷம் வேணாம். இந்த மாசம்தான் வேணும்னு கேட்டேன்."

"பாளை வந்தா காய் வர ஒரு வருஷம் சொச்சம். கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். அடுத்த வருஷம் படிச்சுக்கோ. அந்தக் காலேஜ் எங்க ஓடிப்போகப்போகுது?"

"முதல் குலையில எத்தனை காய் நிக்கும்மா? பாதிக்கு மேல பிஞ்சுக் குரும்பையிலேயே கொட்டிடும்னு நீதான் சொல்லுவே. அந்தக் காயை வச்சு அடுத்த வருஷமும் கட்ட முடியாது, அதுக்கு அடுத்த வருஷமும் கட்ட முடியாது." மகள் அழவில்லை. அழுதிருந்தால் இவளுக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். "முக்காலியைப் பிடிக்க என்னையே கூட்டிட்டுப் போனியே. நோவுன்னு சொன்னியே. அப்புறம் தோப்புல வச்சு, பிள்ளை படிப்புதான் முக்கியம்னு சொன்னது யாருக்காகம்மா? நான் பின்னால நிக்கறேன்னு உனக்குத் தெரியும்."

"அவன் நம்பணும்ல? அப்பத்தான் அந்தக் கோட்டைப் போடுவான்."

"ஆமா. நம்பினாரு." மகள் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். "சித்தப்பா கெட்டவர்தான். என்னைக் காட்டி உன்கிட்ட இருந்து மரத்தைப் பிடுங்கப் பார்த்தாரு. ஆனா மரத்தையும் என்னையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நீ என்னைத்தான் எடுப்பேன்னு அவர் நம்பினாரும்மா. அதை நம்பித்தான் கோடே போட்டாரு. நானும் அதைத்தான் நம்பினேன்."

உள்ளே போய் மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிக்கூடச் சாத்தவில்லை. தாய் எழுந்து அந்தக் கதவருகே போனாள், கையைத் தூக்கினாள், தட்டவில்லை. கிழக்குப் பாதி முழுவதும் இப்போது அவளுடையது, ஒரு மரம் குறையாமல்.